அரிப்புக்குப் பாணி மருந்து: எடை பார்த்து ஊற்றுங்கள், விடிந்தபின் பிள்ளையைப் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை இரவெல்லாம் சொறிந்துகொண்டு அழுதால் முதலில் கைக்கு வருவது 'பிரிட்டன்' என்று எல்லோரும் சொல்லும் பாணி மருந்துதான். தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்த போத்தலில் மிச்சம் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் இருக்கும். ஒரு கரண்டி உள்ளே போனதும் பிள்ளை தூங்கிவிடும். அம்மாவும் விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் இரண்டு மணி நேரமாவது கண்மூடலாம். அந்த உறக்கத்தின் அருமை தெரிந்தேதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். மருந்து கெட்டதல்ல. ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு அதை வயதை மட்டும் பார்த்து ஊற்றினால் அளவு கூடிப்போக வாய்ப்பு உண்டு. கூடிப்போனதா என்பது இரவில் தெரியாது, மறுநாள் காலையில்தான் தெரியும்.

1. போத்தலில் மருந்தின் பெயரையும் பலத்தையும் முதலில் பாருங்கள்.

பிரிட்டன் என்பது கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து குளோர்பெனிரமின். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் டிஸ்பென்சரியிலும் பெரும்பாலும் இந்த மருந்துப் பெயரிலேயே கொடுப்பார்கள். மருந்தை அதன் சொந்தப் பெயரால் வாங்கி, சொந்தப் பெயரால் கொடுக்கும் பழக்கத்துக்கு நம் நாட்டில் அடித்தளம் போட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். மருந்துப் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு உதவும் என்பதை ஏழாவது குறிப்பில் பார்ப்போம்.

பெயருக்கு அடுத்தது பலம். குழந்தைகளுக்கான குளோர்பெனிரமின் பாணியில் வழக்கமாக 5 மில்லிலீற்றரில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். நான் கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்தப் பலத்துக்கு மட்டும்தான். அரிப்புக்குக் கொடுக்கும் புரோமெதசின், ஹைட்ரொக்சிசின், செற்றிரிசின் எல்லாம் வேறு மருந்துகள். அவற்றின் பலமும் வேறு, அளவும் வேறு. ஒன்றுக்குச் சொன்ன மில்லிலீற்றரை இன்னொன்றுக்கு எடுத்துவிடாதீர்கள்.

மருந்து உறையில் எழுதியிருப்பது உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியாக இருந்தால், கவுண்டரை விட்டு நகருமுன் கேளுங்கள்: "தம்பி, இது என்ன மருந்து, எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, தமிழில எழுதித் தாங்க." அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் எழுதி வாங்கிக்கொண்டே வாருங்கள்.

2. பிள்ளையின் இன்றைய எடை வேண்டும்.

போத்தலிலும் பெட்டியிலும் வயதுக்குத்தான் அளவு போட்டிருக்கும். அந்த வயதில் பிள்ளை வழக்கமான எடையில் இருக்கும் என்று எண்ணிப் போட்ட அளவு அது. நம் தோட்டங்களில் அந்த எண்ணம் பல வீடுகளுக்குப் பொருந்தாது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 100க்கு 30 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். நாடு முழுவதையும் எடுத்தால் அது 100க்கு 20 அளவில்தான். உயரம் குறைந்த பிள்ளைகளின் கணக்கும் தோட்டத்தில்தான் மிக அதிகம். ஆறு வயதுப் பிள்ளை 20 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் 15 கிலோ இருந்தால், பெட்டியில் போட்ட அளவு அந்தப் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

எடை பார்க்க ஹட்டன் டவுனுக்குப் போகவேண்டியதில்லை. பிள்ளைக் காம்பராவில் தராசு இருக்கும், மிட்வைஃப் வரும் கிளினிக் நாளிலும் நிறுப்பார்கள். சின்னப் பிள்ளையின் எடை அதன் வளர்ச்சிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அந்தக் கடைசி எழுத்து ஆறு மாதத்துக்கு முந்தியது என்றால் திரும்ப நிறுத்துப் பாருங்கள். வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்து பிள்ளை மெலிந்திருந்தால் அந்த எடையே கணக்குக்கு. குளிருக்குப் போட்ட இரண்டு ஸ்வெட்டரையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு நிறுங்கள். நம்ம குளிரில் அந்த உடுப்பே ஒரு கிலோ வரும்.

3. கிலோவை நாலால் வகுங்கள். பிறகு வயதின் உச்ச அளவோடு ஒப்பிட்டு, சின்னதை எடுங்கள்.

குளோர்பெனிரமினுக்கு எடைப்படி வழக்கமாகக் கணக்கிடும் அளவு, ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். போத்தல் 5 மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் பலமுள்ளது என்றால், பிள்ளையின் கிலோவை நாலால் வகுத்தால் வருவதுதான் மில்லிலீற்றர்.

வயதுக்கும் ஒரு மேல் எல்லை இருக்கிறது. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு வேளைக்கு 1 மில்லிகிராம், அதாவது இரண்டரை மில்லிலீற்றர். ஆறு முதல் பதினொரு வயது வரை 2 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றர். எடைக்கணக்கும் வயதுக்கணக்கும் வேறுபட்டால் எது குறைவோ அதுதான் உங்கள் பிள்ளைக்கு.

மேலே சொன்ன ஆறு வயதுப் பிள்ளையையே எடுப்போம். எடை 15 கிலோ. நாலால் வகுத்தால் 3.75 மில்லிலீற்றர். வயதுக்கணக்கு 5 மில்லிலீற்றர் என்கிறது. சின்னது 3.75. ஐந்து மில்லிலீற்றர் சிரிஞ்சில் கோடுகள் 0.2 இடைவெளியில் இருக்கும், 3.6இலும் 3.8இலும் கோடு உண்டு, 3.75இல் இல்லை. அப்போது கீழ்க்கோட்டுக்கு வாருங்கள்: 3.6. மேலே ஏற்ற வேண்டாம். இன்னொரு பிள்ளைக்கு நாலு வயது, 12 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலால் வகுத்தால் 3. வயதின் எல்லை இரண்டரை. இந்தப் பிள்ளைக்குச் சின்னது இரண்டரை; சிரிஞ்சில் அதன் கீழ்க்கோடு 2.4.

டாக்டர் பிள்ளையைப் பார்த்து, நிறுத்து, வேறு அளவு எழுதியிருந்தால் அவருடைய அளவே அளவு. ஆனால் அவர் எழுதியது உங்கள் கணக்கைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால், "ஐயா, பிள்ளை 15 கிலோதான், இந்த அளவு சரியா?" என்று ஒருமுறை கேட்பது தாயின் வேலை.

4. வீட்டுக் கரண்டியை அலுமாரிக்குள் வையுங்கள்.

மருந்தில் சொல்லும் தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். வீட்டில் இருக்கும் தேக்கரண்டி ஒன்றுக்கு ஒன்று ஒத்துவராது. ஒன்று மூன்று கொள்ளும், இன்னொன்று ஏழு கொள்ளும். சோறு சாப்பிடும் பெரிய கரண்டி 15 மில்லிலீற்றர் வரை பிடிக்கும், அதாவது மூன்று மடங்கு. அம்மா மலைக்குப் போனபிறகு அப்பாயி கையில் அகப்பட்ட கரண்டியால் ஊற்றும் வீடுகளில் மருந்து மிஞ்சிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்பாயிமீது குற்றமில்லை. "ஒரு கரண்டி குடு" என்று சொல்லிவிட்டுப் போனது நாம்தானே.

ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்சு பார்மசியில் மலிவாகக் கிடைக்கும், டிஸ்பென்சரியில் கேட்டாலும் ஒன்று தருவார்கள். உங்கள் பிள்ளைக்குரிய கோட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தச் சிவப்பைத் தாண்டி இழுக்கமாட்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு சிரிஞ்சு, இரண்டு நிறம். பிள்ளையை உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். எல்லாம் முடிந்ததும் சிரிஞ்சைக் கழுவிக் காயவையுங்கள்.

5. இரவில் ஒரே வேளை, அதுவும் ஏழு மணிவாக்கில்.

இந்த மருந்து சீக்கிரம் உடம்பை விட்டுப் போவதில்லை. பிள்ளைகளின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைவதற்கே பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் பன்னிரண்டு என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இரவு ஏழு மணிக்குக் கொடுத்தால் ஒன்பது, பத்து மணிக்குள் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறிவிடும். தூக்கக் கலக்கத்தின் கனமான பங்கு பிள்ளை படுத்திருக்கும்போதே கழியும். காலை ஒன்பது மணிக்கு அதில் பாதி உடம்பில் இன்னும் இருக்கும். பள்ளிக்கூடம் தொடங்குவதோ காலை ஏழரைக்கு! இரவு பத்தரைக்குப் பிள்ளை அழுதது என்று அப்போது ஊற்றினால், உச்சமே நடுச்சாமத்துக்குப் பிறகுதான் வரும், விடியும்போது முக்கால்வாசிக்குக் கிட்ட உடம்பில் நிற்கும். நடுச்சாமத்தில் புதிதாகக் கொடுப்பதற்குப் பதிலாக ஈரத்துணியை அரிக்கும் இடத்தில் வையுங்கள், மருந்தை அடுத்த நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"மூணு வேளை குடுங்க" என்று எழுதியிருக்கும் மருந்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். முந்திய வேளை பாதியாவதற்குள் அடுத்த வேளை உள்ளே போகிறது. இரண்டு நாளில் உடம்பில் சேர்ந்து நிற்பது ஒரு வேளை அளவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிடும். முதல் நாள் நன்றாக விளையாடிய பிள்ளை மூன்றாம் நாள் சுருண்டு கிடப்பதற்குக் காரணம் இந்தச் சேர்மானமாக இருக்கலாம். உடம்பு முழுக்கத் தடிப்பு எழும்பி டாக்டர் பகலுக்கும் எழுதியிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் நாலு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள், முடிந்தால் ஆறு. சொறிச்சல் இரவில் மட்டும்தான் என்றால் இரவு ஒன்றே போதும். அதையும் மூன்று இரவு கொடுத்துக் குணமில்லை என்றால் நாலாம் இரவுக்குப் போத்தலைத் திறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

6. காலையில் ஐந்து நிமிடம் பிள்ளையைக் கவனியுங்கள்.

மருந்து கொடுத்த மறுநாள் காலையில் பிள்ளையை எழுப்பி, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உடனே திரும்புகிறதா? ரொட்டியைக் கையில் கொடுத்தால் சாப்பிடுகிறதா, பிடித்தபடியே கண்மூடுகிறதா? லயன் வாசலில் இருந்து பீலி வரை நேராக நடக்கிறதா, தட்டுத் தடுமாறுகிறதா? வாய் வறண்டு தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறதா? கொஞ்சம் மந்தமாக இருந்து, முகம் கழுவித் தேத்தண்ணீர் குடித்து அரை மணியில் தெளிந்தால் பயமில்லை. ஒன்பது மணியாகியும் கண் செருகினால் அன்றிரவு மருந்தே வேண்டாம். அடுத்த முறை கொடுக்கவேண்டி வந்தால் டாக்டரிடமோ டிஸ்பென்சரியிலோ சொல்லிவிட்டு அளவைக் குறைத்தே கொடுங்கள்.

இப்படித் தடுமாறும் பிள்ளையை அன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். நம் பிள்ளைகள் நடந்துபோவது செங்குத்தான படிக்கட்டிலும் வழுக்கும் மலைப்பாதையிலும், ஓடையைக் கடந்தும், லொறி வரும் வளைவுகளிலும். பிள்ளைக் காம்பராவில் விடுவதென்றால் பார்த்துக்கொள்கிறவரிடம், "ராத்திரி அரிப்பு மருந்து குடுத்தேன், தூங்கி விழும், கொஞ்சம் பாத்துக்கங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதைக் காய்ச்சல் மந்தம் என்று எண்ணுவார். சிலசமயம் உண்மையான காய்ச்சல் மந்தத்தை மருந்து மயக்கம் என்றும் விட்டுவிடுவார். வீட்டில் இருந்தால் அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். விறகு அடுப்பு தரையோடு இருக்கும் காம்பராவில் தூங்கி விழும் பிள்ளைக்கு அதுதான் பெரிய ஆபத்து.

படிக்கும் பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கிறது. கண் திறந்திருந்தாலும் மூளை மெதுவாகவே ஓடும். இதே வகையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமின் என்ற பழைய மருந்தை எடுத்த பிள்ளைகள், தூக்கம் தராத லொரடடின் எடுத்த பிள்ளைகளைவிடப் பாடத்தைக் குறைவாகவே மனத்தில் வாங்கினார்கள் என்று 1993இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு காட்டியது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வாரக்கணக்கில் இரவுதோறும் இந்தப் பாணியைக் கொடுத்துவிட்டு, "கவனமே இல்ல" என்று அந்தப் பிள்ளையை அடிக்கிற வீடுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. நீண்ட நாள் தேவைப்படும் தடிப்பு நோய்க்குச் செற்றிரிசின், லொரடடின் போன்ற தூக்கம் குறைந்த மருந்துகள் இருக்கின்றன. அவை அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். டாக்டரிடம் "பிள்ளை பள்ளிக்கூடம் போறது, தூக்கம் வராத மருந்து இருக்கா ஐயா?" என்று கேளுங்கள்.

7. தடிமல் மருந்துக்குள்ளும் இதே மருந்து ஒளிந்திருக்கும்.

குளிர் காலத்தில் தடிமலும் சொறிச்சலும் சேர்ந்தே வரும். கடையில் வாங்கும் தடிமல், இருமல் பாணிகள் பலவற்றில் குளோர்பெனிரமினும் ஒரு கூட்டு. ஒரு போத்தல் அரிப்புக்கு, ஒரு போத்தல் தடிமலுக்கு என்று இரண்டையும் கொடுக்கும் அம்மாவுக்கு, ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுக்கிறோம் என்பது தெரியாது. பெயர் வேறு, நிறம் வேறு, ருசியும் வேறு. இதற்காகத்தான் முதல் குறிப்பில் மருந்துப் பெயரைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போய் பார்மசியில் காட்டி, "ரெண்டும் ஒண்ணா?" என்று கேளுங்கள். வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் அந்த மருந்தையும் சேர்த்தே காட்டுங்கள். ஏற்கனவே தூக்கம் தரும் மருந்தின்மேல் இதுவும் சேர்ந்தால் மூச்சே மெதுவாகிவிடலாம்.

8. இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால், அது சிரங்காக இருக்கலாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். லயன் காம்பராவில் ஒரே பாயில் நாலு பேர் படுக்கும் வீட்டில் அரிப்புக்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று சிரங்குப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி தோலுக்குள் குழி தோண்டி முட்டையிடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி, சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளங்கை உள்ளங்கால் என்று சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். உடம்பு சூடேறும் இரவில் அரிப்பு கூடும்.

பாணி மருந்து அந்தப் பூச்சியை ஒன்றும் செய்யாது. பிள்ளையைத் தூங்கவைக்கும், அவ்வளவுதான். பிள்ளை தூங்குவதால் நோய் குறைகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பூச்சி பக்கத்துக் காம்பரா வரை போய்ச் சேரும். சொறிந்த புண்ணில் சீழ் பிடிக்கும். வாரக்கணக்கில் பாணியைக் கொடுத்தும் குணமில்லாமல் வரும் பிள்ளைகளில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு பூச்சு மருந்துதான்.

பூச்சு மருந்தைக் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க, நக இடுக்கு உட்பட, இரவில் பூசவேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தலையிலும் பூசவேண்டுமா என்று டாக்டர் சொல்வார். பெர்மெத்ரின் களிம்பு என்றால் எட்டு முதல் பதினாலு மணி நேரம் வைத்துக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூசவேண்டும், அரிப்பு இல்லாதவரும்தான். முதன்முறை பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார். போர்வையையும் உடுப்பையும் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். வெயிலே இல்லாத மழைக்காலத்தில் கழுவ முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாலு நாள் திறக்காமல் வையுங்கள். மனித உடம்பு இல்லாமல் பூச்சி அதற்குமேல் பிழைக்காது.

பூச்சி செத்தபிறகும் இரண்டு முதல் நாலு வாரம் வரை அரிப்பு நீடிக்கும். தோலுக்குள் கிடக்கும் எச்சத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. மருந்து பலிக்கவில்லை என்று பயந்து களிம்பைத் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள். பாணி மருந்துக்கு உண்மையில் வேலை உள்ள இடம் இதுதான்: பூச்சியைக் கொன்றபின் வரும் முதல் சில இரவுகள்.

9. வறண்ட தோலும் அட்டைக்கடியும்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும் நாட்களில் தோல் வெடித்து அரிக்கும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து, உடுப்புக்குப் போடும் சவர்க்காரத்தால் தேய்த்தால் இன்னும் மோசமாகும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துடைத்த ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வசலினோ பூசுங்கள். கரப்பான் உள்ள பிள்ளைக்கும் இதுதான் முதல் மருந்து. பாணி அந்த அரிப்பை அடக்குவதில்லை, உறங்கவைக்க மட்டும் செய்யும். ஆட்டு மயிர்க் கம்பளி நேரே தோலில் படாமல் உள்ளே பருத்தி உடுப்புப் போடுங்கள்.

அட்டை கடித்த இடம் சில நாள் அரிக்கும். கழுவி, ஈரத்துணியோ கலமைனோ வைத்தால் போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

10. யாருக்குக் கொடுக்கவே கூடாது.

இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கு டாக்டர் பார்க்காமல் தூக்கம் தரும் எந்த அரிப்பு மருந்தையும் வீட்டில் கொடுக்கவேண்டாம். புரோமெதசின் விடயத்தில் இது மிகக் கண்டிப்பு. அந்த மருந்தால் சின்னக் குழந்தைகளுக்கு மூச்சு அடங்கி உயிர் போன சம்பவங்களைப் பார்த்துத்தான் 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது என்று போத்தலில் பெரிய எச்சரிக்கையே போடவைத்தது. வலிப்பு, ஈரல் நோய், இரவில் மூச்சுத் திணறிக் குறட்டை விடும் பிள்ளை என்றாலும் டாக்டரைக் கேட்டபின்தான். காய்ச்சலோடு தோலில் சிவப்புப் புள்ளி வந்து, அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் அது அரிப்பு மருந்துக்குரிய விடயமே இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

11. தூங்கவைக்கும் மருந்து சில பிள்ளைகளைத் துள்ளவைக்கும்.

மருந்து கொடுத்த ஒரு மணியில் பிள்ளை உறங்காமல், காரணமின்றி அழுது, எழும்பி ஓடி, பேசிக்கொண்டே இருந்தால் அது இந்த மருந்தின் எதிர்மாறான வேலை. "பத்தல போல" என்று இன்னொரு தடவை ஊற்றுவதுதான் அப்போது நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை. விளக்கைக் குறைத்து, மடியில் வைத்துக்கொண்டு, தெளியும் வரை பாருங்கள். இந்தப் பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று வளர்ச்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் காட்டலாம்.

12. குளவி கொட்டினாலும், போத்தலையே குடித்துவிட்டாலும்.

தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைக்குக் கொட்டியபின் உதடோ நாக்கோ கண்ணிமையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், வாந்தி எடுத்துச் சோர்ந்தால், பாணி மருந்தால் அதைத் தடுக்க முடியாது. அதற்கு வேண்டியது ஆஸ்பத்திரியில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பாணி கொடுத்துப் பலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பாதை மோசமாகி அது வர நேரமாகும் என்றால் தோட்டத்து வாகனத்தில் கிளம்பி, கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்கு, டிக்கோயாவோ நுவரெலியாவோ, போய்விடுங்கள். பல குளவிகள் கொட்டிய பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பாணி இனிப்பானது. பிள்ளை தானே திறந்து குடித்துவிட்டால், எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் காத்திருக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முகம் சிவந்து, தோல் காய்ந்து சுட்டு, கண்மணி விரிந்து, நெஞ்சு படபடத்து, இல்லாததைப் பிடிக்கக் கை நீட்டினால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பிறகு வலிப்பு வரலாம், எழுப்ப முடியாத மயக்கம் வரலாம். விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள், புளியோ உப்புத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். மயங்கிய பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். போத்தலைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மில்லி மிச்சம் இருக்கிறது, பிள்ளை எத்தனை கிலோ, எத்தனை மணிக்குக் குடித்தது என்ற மூன்றையும்தான் அங்கே டாக்டர் முதலில் கேட்பார்.